டைம் ஆபீஸ்காரர் எழுதிய பால் கணக்கு

எங்கள் மில் லைன் வீடுகளில் திருமலைசாமியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. டைம் ஆபீஸ்காரர் என்றால்தான் தெரியும். ஒண்டிப்புதூருக்குக் கிழக்கே ஒரு நூல் மில்லில் முப்பது வருடம் ஆஜர் எழுதினவர். சங்கு ஊதி ஐந்து நிமிடம் பிந்தி வந்தால் அவர் ஜன்னலுக்கு முன்னால் நின்று கெஞ்ச வேண்டும். கெஞ்சியும் பிரயோஜனம் கிடையாது. நான் ஸ்பின்னிங்கில் இருந்தவன், என் கூலியையே இரண்டு தரம் வெட்டியிருக்கிறார். அவர்மேல் எனக்குப் பெரிய பிரியமெல்லாம் இருந்ததில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், வேண்டியவன் வேண்டாதவன் என்று பார்க்கிற ஆள் இல்லை. சொந்த மச்சினன் மதியத்துக்குமேல் வந்தபோது அவனுக்கும் அரை நாள்தான் போட்டார். அதற்காக அவர் சம்சாரம் பத்மாவதியம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை என்று லைன் முழுக்கத் தெரியும்.

வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். கோபம் வந்தால் மட்டும் வெளியிலும் தெலுங்கில் எண்ண ஆரம்பித்துவிடுவார். அப்படி எண்ணினால் பக்கத்தில் நிற்கிறவன் நகர்ந்துகொள்வது நல்லது.

அவர் பால் கணக்கு எழுத வந்தது சண்டையால்தான். லைனில் எட்டு வீடுகளுக்குத் தெய்வாத்தாள் பால் ஊற்றினாள். இருகூர் போகிற பாதையில் ஒரு தோட்டத்து ஓரமாகச் சாளை போட்டுக் குடியிருந்தவள். புருஷன் அப்புசாமி மோட்டார் ரூமில் ஷாக் அடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே பையன் கதிர்வேல், எங்கள் மில்லில் பதிலி ஆள். நிரந்தர ஆள் லீவு போட்டால்தான் அவனுக்கு வேலை. மற்ற நாளெல்லாம் அம்மாவுக்குப் புல் அறுத்துக் கொடுத்துக்கொண்டு திரிவான்.

காலையில் வீட்டுக்கு ஒரு லிட்டர், சாயந்திரம் அரை லிட்டர். எட்டு வீட்டுக்கும் ஒரே அளவு. மாதம் பிறந்தால் ரகளை. ஒரு வீட்டில் பால் வாங்கின நாளுக்குக் காலண்டரில் பெருக்கல் போடுவார்கள். அடுத்த வீட்டில் வாங்காத நாளுக்குப் பெருக்கல் போடுவார்கள். தெய்வாத்தாள் சாளைச் சுவரில் கரிக்கோடு கிழித்து வைத்திருப்பாள். ஒரு ஐப்பசி மழையில் சுவர் நனைந்து அந்த மாதக் கோடெல்லாம் வழிந்துபோனது. அன்றைக்கு அவளும் ஐந்தாம் வீட்டு வெங்கடலட்சுமியும் போட்ட சத்தத்தில், டைம் ஆபீஸ்காரர் எழுந்துவந்து இனிமேல் நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டார். 1993இல் நடந்தது இது.

மில்லில் மிச்சமான பழைய மஸ்டர் ரோல் ஒன்றைக் கொண்டுவந்தார். ஆஜர் எழுதுகிற நீளமான நோட்டு. இடது பக்கம் ஆள் பேர் எழுதுகிற இடத்தில் எட்டு வீட்டுப் பேர்களை எழுதினார். மேலே ஒன்றிலிருந்து முப்பத்தொன்றுவரை தேதி அச்சடித்தே இருந்தது. சாயந்திரம் பால் ஊற்றி முடித்ததும் தெய்வாத்தாள் அவர் வாசலில் கேனை இறக்கி வைத்துவிட்டு, இன்றைக்கு இன்ன வீட்டில் வாங்கினார்கள், இன்ன வீட்டில் வேண்டாம் என்றார்கள் என்று சத்தமாகச் சொல்வாள். ஆட்சேபம் இருக்கிறவர்கள் அங்கேயே சொல்ல வேண்டும், மறுநாள் வந்து சொன்னால் எடுபடாது. முதல் தேதி எட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். கதிர்வேல் அதை வீடு வீடாகக் காட்டி வசூல் பண்ணுவான். எழுதினதற்குக் கூலியாக அவருக்குத் தினமும் அரை லிட்டர் பால்.

அவர் கணக்கில் குறை சொல்ல முடியவில்லை. ஊருக்குப் போன நாளை ஒரு வீடும் மறைக்க முடியாது, ஊற்றாத பாலைத் தெய்வாத்தாளும் சேர்க்க முடியாது. மாட்டுப்பொங்கலன்று கறந்த பாலைத் தெய்வாத்தாள் விற்க மாட்டாள், சாமிக்கு விட்டுவிடுவாள். அந்தத் தேதிக் கட்டத்தில் மில்லில் போடுகிற மாதிரியே சிவப்பில் விடுமுறை என்று எழுதினார். மாட்டுக்குச் சம்பளத்தோடு லீவா, சம்பளம் இல்லாத லீவா என்று நான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பால் இல்லை, அதனால் பணமும் இல்லை என்று எனக்கு விளக்கம் சொன்னார்.

லிட்டர் எட்டு ரூபாய். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், பன்னிரண்டு ரூபாய். வாங்கின நாளை எண்ணிப் பன்னிரண்டால் பெருக்க வேண்டியதுதான். ஏறக்குறைய இரண்டு வருடம் இப்படியே ஓடியது. வாங்காத நாள் என்றால் முழு நாளும் வாங்காத நாள்தான், யாராவது ஊருக்குப் போயிருப்பார்கள். அதனால் கணக்கும் சரியாகவே வந்தது.

95ஆம் வருடம் தை முடிந்ததும் தெய்வாத்தாள் பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு சிந்து மாடு பிடித்தாள். நல்ல மாடு, இரண்டு வேளையும் சேர்த்து ஒன்பது பத்து லிட்டர் கறக்கும். ஏற்கெனவே இருந்த கிழட்டு மாட்டைக் கொண்டு எட்டு வீட்டுக்கும் ஊற்ற முடியாமல் பக்கத்துத் தோட்டத்தில் பால் வாங்கிச் சமாளித்துக்கொண்டிருந்தவள் அவள். பணம் கொடுத்தது புண்ணாக்குக் கடை தனபால். மாதம் அறுநூறு, பன்னிரண்டு மாதம் கட்ட வேண்டும். மூன்று மாதம் சேர்ந்தாற்போலக் குறைந்தால் மாடு தனபாலுடையது, அதுவரை கட்டினது கட்டினதுதான். இதை எழுதித் தெய்வாத்தாள் கைநாட்டு வைத்தாள். அநியாயமான எழுத்துதான். ஆனால் அவளுக்கு வேறு யார் கொடுப்பார்கள்? ஆறு மாதம் தவறாமல் கட்டினாள். கதிர்வேல் வசூல் பண்ணின கையோடு நேரே கடைக்குப் போய் அறுநூறைக் கட்டி, மிச்சத்துக்குப் பருத்திக்கொட்டையும் தவிடும் வாங்கிக்கொண்டு சாளைக்குப் போவான். பணத்தை அவள் கண்ணால் பார்ப்பதே அபூர்வம்.

ஆடி மாதம் மில்லை மூடினார்கள். நஷ்டம் என்றார்கள், பவர் கட் என்றார்கள், யூனியன் என்றார்கள். எது நிஜமோ, கேட்டில் பூட்டுத் தொங்கியது மட்டும் நிஜம். லைன் வீடுகளைக் காலி பண்ணச் சொல்லாமல் விட்டதே பெரிசு என்று இருந்தோம். என் வீட்டில் முதலிலிருந்தே பூத்தில் பாக்கெட் பால்தான், அதையும் நிறுத்திவிட்டு வரக்காப்பி குடித்தோம். தெய்வாத்தாளிடம் வாங்கின எட்டு வீட்டிலும் குழந்தைகள் உண்டு. அதனால் காலைப் பாலை நிறுத்த மனம் வரவில்லை. சாயந்திரப் பாலில் கை வைத்தார்கள். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று நாளுக்கு இரண்டு வீடு, மூன்று வீடு, போகப் போக நான்கு வீடு. வேண்டாம் என்ற பாலைத் தெய்வாத்தாள் மெயின் ரோட்டு டீக்கடையில் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில்தான் அந்த மனுஷனின் கை அவரைக் கவிழ்த்தது. மில்லில் ஒரு நாள் என்றால் இரண்டு பாதி, இரண்டும் சமம். ஒரு பாதி வராவிட்டால் அரை நாள். முப்பது வருடம் அதையே எழுதின கை, சாயந்திரம் பால் வாங்காத வீட்டுக்கும் அரை நாள் என்று எழுதியது. அரை நாளுக்கு ஆறு ரூபாய் கழித்தார். வாங்காமல் விட்டதோ அரை லிட்டர், நான்கு ரூபாய்தான் கழிக்க வேண்டும். காலையில் ஒரு லிட்டரும் சாயந்திரம் அரை லிட்டரும் என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர் வாசலில்தான் தினமும் சொல்லப்பட்டது. ஆனால் பேனாவை எடுத்து மஸ்டரில் குனிந்தால் அவருக்குப் பால் மறந்துவிடும், ஆஜர்தான் தெரியும். ஒவ்வொரு அரை நாளுக்கும் தெய்வாத்தாளுக்கு இரண்டு ரூபாய் நஷ்டம். இதைப் பிற்பாடு நான் அறிந்து சொல்கிறேன். அப்போது லைனில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

தீவனத்தைக் குறைத்தால் பால் குறையும் என்று அதை வாங்கினதுபோக, ஆவணி மாதத்தில் தனபாலுக்குக் கட்டினது நானூறு சொச்சம். அடுத்த மாதமும் அப்படியே. சாயந்திரப் பால் போகவில்லை, அதனால் குறைகிறது என்றுதான் தெய்வாத்தாள் முதலில் நினைத்தாள். மூன்றாம் மாதமும் இருநூறு குறைந்தபோது தனபால் ஆள் அனுப்பினான். நவம்பர் முப்பதுக்குள் பாக்கி அறுநூறு வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் எழுத்துப்படி மாடு. தனபால் குரலை உயர்த்திப் பேசுகிறவன் இல்லை. மரியாதையாகவே சொல்லி அனுப்பினான்.

அன்று சாயந்திரம் தெய்வாத்தாள் கேனை இறக்கி வைத்துவிட்டு உடனே போகவில்லை. நான் பக்கத்து வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு எழுத்து வராது, பெருக்கல் வராது. ஆனால் எத்தனை தரம் லிட்டரில் மொண்டு ஊற்றினோம் என்று கை சொல்லும் அல்லவா?

"ஏனுங்க ஐயா, ஊத்துன பாலுக்குத் தக்கன காசு வரமாட்டீங்குதுங்க. டீக்கடைல குடுக்கறதையும் சேத்திப் பாத்தனுங்க. எங்கியோ ஒழுகுதுங்க. கணக்கை ஒருக்காப் பாக்கறீங்களா?"

பணிவாகத்தான் கேட்டாள். அவருக்குச் சுருக்கென்றது. மில் போய் நான்கு மாதம், கிராஜுவிட்டி வரவில்லை, பிஎஃப் ஆபீசுக்கு நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே சொத்து, அவர் எழுதின கணக்கில் ஒருத்தரும் தப்புக் கண்டதில்லை என்பதுதான். அதிலும் கை வைத்தால் எப்படியிருக்கும்? எனக்கு அது புரிகிறது. புரிகிறதே ஒழிய, அவர் சொன்னதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"முப்பது வருசத்துல எம் மஸ்டர்ல ஒரு நாள் தப்பு வந்ததில்ல அம்மணி. கணக்கு சரியாத்தான் இருக்குது. வசூல் பண்றவன் கையப் பாரு."

நோட்டைத் திறக்கக்கூட இல்லை. தெய்வாத்தாள் சரீங்க என்று கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் வீட்டில் என்ன நடந்தது என்பது பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் சொன்னது. நீயா எடுத்தாய் என்று கதிர்வேலிடம் கேட்டிருக்கிறாள். சீட்டில் இருந்ததைத்தான் வாங்கினேன், வாங்கினதை அப்படியே கடையில் கொடுத்தேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். ஐயா கணக்குத் தப்பாது என்று இவள் சொல்லியிருக்கிறாள். திரும்பத் திரும்ப அதையே சொல்லியிருக்கிறாள். அப்பன்மேல் சத்தியம் பண்ணியிருக்கிறான், செத்தவன் பேரை இழுக்காதே என்று கையை ஓங்கிவிட்டாளாம். பையனுக்கு இருபத்திரண்டு வயது. சீட்டி அடித்துக்கொண்டு திரிகிற பிள்ளைதான், சினிமாப் பைத்தியம்தான். ஆனால் திருடன் இல்லை. விடிந்தபோது சாளையில் அவன் இல்லை. திருப்பூர் பஸ்ஸில் ஏறினதைப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார்.

வசூலுக்கு ஆளில்லாமல், புல்லறுக்க ஆளில்லாமல், தெய்வாத்தாள் ஒண்டியாக ஓடினாள். புண்ணாக்கு விலையும் ஏறியது. அந்த நவம்பர் பாதியில் பாலை லிட்டருக்கு ஒன்பது ரூபாய் ஆக்கினாள். எட்டு வீட்டையும் கூட்டி டைம் ஆபீஸ்காரரே நியாயம் பேசினார். பதினைந்தாம் தேதிவரை பழைய விலை, பதினாறிலிருந்து புது விலை. விடுபட்ட நாளை, அது எந்தப் பாதியில் விழுகிறதோ அந்த விலைக்கே கழிக்க வேண்டும். மாதம் முழுக்கப் புது விலை போட்டால் வீட்டுக்காரர்களுக்கு அநியாயம், பழைய விலைக்கே கழித்தால் அதுவும் அநியாயம். இதையெல்லாம் தெளிவாகத்தான் சொன்னார். மஸ்டரில் பதினைந்துக்கும் பதினாறுக்கும் நடுவில் சிவப்பில் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டார். வெங்கடலட்சுமிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. விலை ஏறினால் எனக்குச் சாயந்திரப் பாலே வேண்டாம் என்று பதினாறாம் தேதியே நிறுத்திக்கொண்டாள்.

முப்பதாம் தேதி மத்தியானம் தனபாலின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். சிந்து மாட்டை அவிழ்த்து லைன் வழியாகத்தான் ஓட்டிக்கொண்டு போனார்கள், ரோட்டுக்கு அதுதான் குறுக்கு வழி. மாடு தினமும் வந்து பழகின பாதை இல்லை, மிரண்டு மிரண்டு நின்றது. தெய்வாத்தாள் கூடவே பாதி தூரம் வந்தாள். அழவில்லை. கழுத்துக் கயிறு இறுகியிருக்கிறது, தளர்த்திக் கட்டுங்கள் என்று அவர்களிடம் சொன்னாள். அவர்கள் நின்று தளர்த்திக் கட்டினார்கள். பிறகு அவள் திரும்பிவிட்டாள். எட்டு வீட்டு வாசலிலும் ஆள் நின்று பார்த்தது. டைம் ஆபீஸ்காரரும் பார்த்தார்.

மறுநாள் முதல் தேதி. காலையில் அவர் வழக்கம்போல மஸ்டரை விரித்தார். விலை மாறினதால் இந்த மாதம் சீட்டை இரண்டாகப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. வெங்கடலட்சுமி வீட்டு வரிசை வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பதினைந்து முழு நாள், நூற்றெண்பது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பதினைந்து அரை நாள். ஏழரை நாள், நாளுக்குப் பதின்மூன்றரை. நூற்றொன்றே கால் என்று எழுதினார்.

எழுதின தொகையைத் திரும்பப் பார்த்தார். இதற்கு முன்பெல்லாம் அரை நாள் முழு நாளோடு கலந்து கிடந்தது, கண்ணில் படவில்லை. இப்போது சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அரை நாளைத் தவிர வேறொன்றும் இல்லை. பதினைந்து நாளும் காலையில் ஒரு லிட்டர் வாங்கியிருக்கிறாள். பதினைந்து லிட்டர், லிட்டர் ஒன்பது. நூற்று முப்பத்தைந்து என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும்.

நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். தெலுங்கில் எண்ணுகிற சத்தம் கேட்டது. யாரையும் கோபித்துக்கொண்டு எண்ணுகிற சத்தம் இல்லை அது, மெதுவாக, திணறித் திணறி. எட்டிப் பார்த்தேன். பின்பக்கமாகத் தாளைப் புரட்டி ஐப்பசி, புரட்டாசி, ஆவணி என்று அரை நாளை எல்லாம் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். அந்த மூன்று மாதத்திலும் எட்டு வீட்டுக்கும் சேர்த்து முந்நூற்றிருபது அரை நாள். அறுநூற்று நாற்பது ரூபாய். தனபாலுக்குப் பாக்கி அறுநூறு. நவம்பர் மாதத்துக் கணக்கு இது போக.

பத்மாவதியம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். தெய்வாத்தாளின் கூலிப் பாலில் போட்ட காப்பி. அவர் அதை எடுக்கவே இல்லை.

அன்றைக்கே வீடு வீடாகப் போனார். நவம்பருக்குச் சரியான சீட்டைக் கொடுத்து, பழைய மூன்று மாதத்துக்கும் விடுபட்டதை எழுதித் தனிச் சீட்டுக் கொடுத்தார். தப்பு என்னுடையது, பாலைக் குடித்தது நீங்கள், கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாசலில் நின்று கெஞ்சினார். சிலர் பத்து இருபது கொடுத்தார்கள். சிலர் நீங்கள் எழுதினதைக் கொடுத்தாயிற்று, முடிந்த கணக்கு முடிந்ததுதான் என்றார்கள். மில் மூடின வீட்டில் வேறு என்ன சொல்வார்கள்? வெங்கடலட்சுமி சொன்னதுதான் அவரை உட்கார வைத்தது.

"சீட்டுல கொறைச்சலா வாரது எங்களுக்குத் தெரியுமுங்க. மில்லு போன கஷ்டத்தைப் பாத்து நீங்களே கொறைச்சுப் போடறீங்கன்னு நெனைச்சுக்கிட்டோம். அதைய எப்படிங்க வெளியில கேக்கறது?"

எட்டு வீட்டுக்கும் தெரிந்திருந்தது. யார் பணத்தை யார் குறைப்பது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் வெங்கடலட்சுமியை நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அவர் தடுத்துவிட்டார்.

பழைய பாக்கியில் வந்தது இருநூறுகூட இல்லை. மிச்சத்துக்குச் சைக்கிளை விற்றார். முப்பது வருடம் மில்லுக்கு மிதித்த சைக்கிள். அறுநூற்று நாற்பதையும் ஒரு காகிதத்தில் சுற்றிக்கொண்டு, என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தனபால் கடைக்கு வந்தார். தனபால் நாற்காலி போட்டு உட்கார வைத்தான், விவரம் முழுவதையும் கேட்டான், வருத்தப்பட்டான். மாட்டைச் சந்தையில் விற்றாகிவிட்டதே என்றான். எந்த ஊர்க்காரன் பிடித்துக்கொண்டு போனான் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து நேரே சாளைக்குப் போனோம். தெய்வாத்தாள் கிழட்டு மாட்டுக்குச் சோளத்தட்டு உதறிக்கொண்டிருந்தாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அரை நாள் எப்படி வந்தது, ஆறு ரூபாய் எப்படி வந்தது, நான்கு ரூபாய்தான் ஏன் கழித்திருக்க வேண்டும் என்று ஒன்றையும் விடாமல். அவளுக்குப் பாதி புரிந்திருக்காது. பணத்தை நீட்டினார். அவள் அதைப் பார்க்கவில்லை.

"அப்ப எம் பையன் எடுக்கலீங்களா?"

"இல்ல அம்மணி. அவன் ஒரு ரூபா எடுக்கல."

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டாள். மாட்டுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு அழுதாள். சத்தமில்லாத அழுகை, முதுகு மட்டும் குலுங்கியது. மாடு போனதற்கு அழாதவள். பெற்றவளாக இருந்துகொண்டு பிள்ளையை நம்பாமல் ஒரு நோட்டை நம்பினேனே என்பதுதான் அந்த அழுகை. அதை வாய்விட்டே சொன்னாள். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பணத்தை மாடத்தில் வைக்கச் சொன்னாள். அவனிடம் போய் நீங்களே இதைச் சொல்ல வேண்டும் என்றாள், நான் போனால் என் முகத்தைப் பார்க்க மாட்டான் என்றாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு வழக்கா உண்டு? இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து வெறுங்கையோடு திரும்பினோம். மூன்றாவது தடவை ஒரு சந்தில், சாயத்தண்ணீர் ஓடுகிற சாக்கடைப் பக்கம், கட்டிங் மேஜை வேலை பார்க்கிற இடத்தில் கதிர்வேலைப் பிடித்தோம். இளைத்திருந்தான். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. வாங்க ஐயா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, எதிர்க்கடையில் டீ வாங்கிக் கொடுத்தான்.

டைம் ஆபீஸ்காரர் சாளையில் சொன்ன அதே விவரத்தை அதே வரிசையில் அவனிடமும் சொன்னார். நான்தான் தப்புப் பண்ணினேன், உன் அம்மாவிடம் அப்படிச் சொன்னதும் நான்தான் என்றார். மன்னித்துக்கொள் என்று ஒரு பொடியனிடம் கையெடுத்துக் கும்பிட்டார். அவன் பதறி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். மாடு போனதைக் கேட்டதும் முகம் சுருங்கியது, கழுத்தைச் சொறிந்துகொண்டு அந்தப் பக்கம் பார்த்தான். ஊருக்கு வா என்று நானும் சொன்னேன். வேலை இருக்கிறது என்றான். பொங்கலுக்காவது வா என்றேன். பார்க்கிறேன் என்றான். அவன் பேச்சில் கோபம் துளிகூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து அவர் கையில் கொடுத்தான். அம்மாவிடம் சேர்த்துவிடச் சொன்னான். அவர் வாங்கிப் பையில் வைத்தார். அவன் போகவில்லை. டீக்கடையில் ஒரு பீடிக் கட்டு அட்டையை வாங்கிக் கிழித்து, பேனாவையும் சேர்த்து அவரிடம் நீட்டினான்.

"இதுல நூறுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க ஐயா. இல்லாட்டி வழியில நீங்க எடுத்துப்போட்டீங்கன்னு எங்கம்மா நெனைச்சுக்குவாங்க."

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அவருக்காகக் கவலைப்பட்டுச் சொன்னான். அவர் அட்டையைத் தொடைமேல் வைத்து எழுதினார். முப்பது வருடம் எழுதின கைக்கு, ஒரு நூறை எழுத அத்தனை நேரம் ஆயிற்று.

சாளைக்குத் திரும்பினபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தெய்வாத்தாள் எங்களுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவர் படித்தார்.

"நூறுன்னு போட்டிருக்குது அம்மணி."

"வேற ஒண்ணும் எழுதச் சொல்லலீங்களா?"

இல்லை என்றார். அவள் அட்டையை வாங்கி, மாடத்தில் அந்த அறுநூற்று நாற்பதோடு சேர்த்து வைத்தாள்.